மெத்தென்ற பாவும் தண்ணீர்க் கணக்கும்

முதலிலேயே சொல்லி விடுகிறேன். எனக்கும் சமையலுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. பி.காம். படித்து வங்கியில் சேர்ந்து, ஊர் ஊராக மாற்றலாகி, இப்போது செம்பூரில் குடித்தனம். அடுப்படியில் என் அதிகபட்ச சாதனை காபி டிகாக்‌ஷன் இறக்குவதுதான். அப்படிப்பட்ட அடியேன் மைதாவில் கை வைக்க வேண்டி வந்ததற்குக் காரணம் அப்பா.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. அம்மா போன பிறகு கும்பகோணத்து வீட்டைப் பூட்டிவிட்டு வருஷத்தில் ஆறு மாதம் எங்களோடு இருக்கிறார். மேலும் கீழும் பல்செட். இட்லி, இடியாப்பம், ரசம் சாதம் எல்லாம் சரிதான், ஆனால் காலை ஆறு மணிக்கு முதல் காபியில் தொட்டுச் சாப்பிட ஏதாவது வேண்டும். ஊரில் டீக்கடை பன். இங்கே வந்த புதிதில் பாக்கெட் ரொட்டி வாங்கிக் கொடுத்தோம். அது அவர் மேலண்ணத்தில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டு, செட்டைக் கழற்றிக் கழுவினால்தான் போகும். ரஸ்க் கேட்கவே வேண்டாம். கடைசியில் தெருமுனை பேக்கரியின் பாவ்தான் அவருக்குச் செட் ஆனது. (சிலேடை தற்செயல்!)

மும்பைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. வடா பாவ், பாவ் பாஜியில் வருகிற அதே பாவ்தான். இங்கே இதை லாதி பாவ் என்பார்கள். லாதி என்றால் பலகைக்கல், தளக்கல். பாவ்களைத் தனித்தனியாக இல்லாமல் ஒரே தட்டில் நெருக்கி அடுக்கிச் சுட்டு, ஒரு பலகை மாதிரி மொத்தமாக எடுப்பதால் அந்தப் பெயர். கடைக்காரர் நமக்கு வேண்டிய எண்ணிக்கையைப் பிய்த்துக் கொடுப்பார். பாவ் என்ற சொல்லே போர்த்துகீசியர்கள் ரொட்டிக்குச் சொல்லும் 'பாவ்ங்' என்பதிலிருந்து வந்தது. கோவாவிலிருந்து பம்பாய்க்கு வந்த ரொட்டிக்காரர்கள் கொண்டு வந்த பண்டம். காலால் மிதித்துப் பிசைந்ததால் 'பாவ்' என்ற கதையை எங்கள் கிளையிலும் ஒருவர் அடித்துச் சொல்வார். நம்ப வேண்டாம்.

2025 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம், நகரத்தில் விறகும் கரியும் எரிக்கிற பேக்கரிகள் ஆறு மாதத்துக்குள் எரிவாயு மாதிரியான புகை குறைந்த எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று சொன்னது. நியாயமான உத்தரவு. குளிர்காலத்தில் இந்த ஊர்க் காற்றைச் சுவாசிப்பவன் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் முனைக்கடைப் பெரியவருக்கு அடுப்பை இடித்துப் புதிதாகக் கட்ட வயதும் இல்லை, பணமும் இல்லை. ஷட்டரை இறக்கிவிட்டார். அடுத்த தெருக் கடையின் பாவ் காலையில் மெத்தென்று இருந்து மறுநாள் விடியற்காலையில் ரப்பராகிவிடும். ஆறு மணிக்கு எந்தக் கடையும் எங்களுக்காகத் திறந்து வைத்திருக்கவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, வெறும் காபியைக் குடித்துவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆக, ஞாயிற்றுக்கிழமை பாவ் சுடுவது என்று முடிவெடுத்தேன். முதல் முறை ஒரு வீடியோ பார்த்து அப்படியே செய்தேன். இரண்டரை கப் மைதா, அரை கப்புக்குக் கொஞ்சம் கூடப் பால், மற்றதெல்லாம். கையில் ஒட்டினால் ஒட்டாத வரைக்கும் மைதா தூவிக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மணி சொன்னார். தூவினேன். அழகாக, சப்பாத்தி மாவு மாதிரி உருண்டு வந்தது. வெந்து வெளியே வந்ததைத் தங்கமணி கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது பாவா, பேப்பர் வெயிட்டா?" என்றாள். மகள் ஒன்றை மேசையில் தட்டிக் காட்டினாள். சத்தம் வந்தது.

என் கட்சி இங்கேதான் ஆரம்பம். வீட்டில் செய்கிற பாவ் கல்லாவதற்குப் பாலோ வெண்ணெயோ முட்டையோ போதாததைக் காரணமாகச் சொல்கிறார்கள். அது இல்லை. தண்ணீர் போதவில்லை, அவ்வளவுதான். அந்தத் தண்ணீரைத் திருடுவது நம் கையிலிருக்கும் கப்பும், ஒட்டுகிறதே என்கிற பயமும்.

கணக்குப் பார்க்கலாம், நம் தொழில் அதுதானே. ஒரு கப் மைதா என்பது எவ்வளவு? ஸ்பூனால் பொலபொலவென்று அள்ளிப் போட்டு மேலே வழித்தால் 120 கிராம் வரும். கப்பை டப்பாவுக்குள் விட்டு அமுக்கி மொண்டால் அதே கப் 150 கிராம் பிடிக்கும். இரண்டுக்கும் பெயர் ஒரு கப்தான். இரண்டரை கப் என்றால் ஒரு வீட்டில் 300 கிராம், பக்கத்து வீட்டில் 375 கிராம். தண்ணீர் இரண்டு வீட்டிலும் 195 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வீட்டில் நூறு பங்கு மாவுக்கு 65 பங்கு தண்ணீர். இரண்டாவது வீட்டில் 52 பங்கு. 65 என்பது பாவ். 52 என்பது பூரிக்குப் பிசைகிற இறுக்கம். அதற்கு மேல் ஒட்டாத வரைக்கும் இன்னொரு கைப்பிடி தூவினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, பேப்பர் வெயிட் இன்னும் என் மேசையில் இருக்கிறது. :)

தண்ணீர் குறைந்தால் ஏன் கல்லாகிறது? மைதாவில் இருக்கும் புரதம் தண்ணீரோடு சேர்ந்து பிசையப் பிசைய வலை மாதிரி ஆகிறது. குளூட்டன் என்கிறார்களே, அது. ஈஸ்ட் விடுகிற காற்றை அந்த வலைதான் பலூன் மாதிரி பிடித்து வைத்துக்கொள்கிறது. தண்ணீர் தாராளமாக இருந்தால் வலை இழுபடும், பலூன் பெரிதாகும், பிய்த்தால் நூல் நூலாக வரும். குறைவாக இருந்தால் வலை முறுக்கிக்கொண்டு, காற்று தள்ளினாலும் விரியாது. அதில் எத்தனை ஸ்பூன் வெண்ணெய் போட்டாலும் வெண்ணெய் போட்ட கல் கிடைக்கும்.

நம் முனைக்கடைப் பெரியவர் பாவில் பாலும் இல்லை, முட்டையும் இல்லை. மைதா, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் சர்க்கரை, அவ்வளவே. நானே நின்று பார்த்திருக்கிறேன். அவர் மாவைப் பார்த்தால் நம் வீட்டில் கெட்டுப் போய்விட்டது என்று மைதா தூவுவோம், அவ்வளவு தளர்த்தி.

ஆனால் ஒரு சிக்கல். அந்த மாதிரிப் பாவ் சுட்ட அன்றே சாப்பிடுவதற்கானது, மறுநாள் காலை அப்பாவுக்கு ஆகாது. பெரிய அளவில் செய்பவர்கள் மென்மைக்கும் உப்பலுக்கும் ரசாயனம் சேர்த்த காலமும் உண்டு. 2016 மே மாதம் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம், ரொட்டி, பாவ், பன் மாதிரிகளைச் சோதித்துப் பலவற்றில் பொட்டாசியம் புரோமேட் எச்சம் இருப்பதாகச் சொல்ல, அடுத்த மாதமே அந்தப் பொருளை அரசு தடை செய்தது. வீட்டில் நமக்கு அது எதுவும் வேண்டாம், அதற்கு வழி கொழுக்கட்டையில் இருக்கிறது.

சிரிக்காதீர்கள். அரிசி மாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்து கொழுக்கட்டைச் சொப்பு செய்ய முடியுமா? உடைந்து விழும். கொதிக்கிற தண்ணீரில் கிளறினால்? மெழுகு மாதிரி வளையும், ஆறினாலும் மெத்தென்று இருக்கும். சூடு பட்ட மாவுச்சத்து, பச்சை மாவு குடிப்பதைவிடப் பல மடங்கு தண்ணீரைக் குடித்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஜப்பான்காரர்கள் இதே வித்தையை ரொட்டியில் செய்கிறார்கள், யுதானே என்று பெயர். கொஞ்சம் மாவை மட்டும் முதலில் கூழாகக் காய்ச்சிச் சேர்த்துப் பிசைகிற முறையைச் சீன மொழியில் டாங்சோங் என்கிறார்கள். நமக்கு அது கூழ். கூழுக்குள் தண்ணீர் ஒளிந்துகொள்வதால் மாவு கையில் குறைவாக ஒட்டுகிறது, ஆனால் தண்ணீர் உள்ளேயே இருக்கிறது. சுட்ட பிறகும் மெல்லத்தான் வெளியேறும். மறுநாள் காலை ஆறு மணிப் பிரச்சினைக்கு விடை இதுதான்.

இனி என் கணக்கு. எட்டு அங்குலச் சதுர கேக் தட்டில் ஒன்பது பாவ். எல்லாமே கிராம். பாலும் தண்ணீரும்கூட தராசில்தான். சமையலறை டிஜிட்டல் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீட்டில் இருக்கும் கப்புகளை எல்லாம் மகளுக்கு விளையாடக் கொடுத்துவிடுங்கள்.

மைதா மொத்தம் 300 கிராம். அதிலிருந்து 20 கிராமை எடுத்து 100 கிராம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்ன தீயில் கிளறுங்கள். மூன்று நான்கு நிமிஷத்தில் கெட்டியாகும். கரண்டியால் இழுத்தால் பாத்திரத்தின் அடி ஒரு கணம் கோடாகத் தெரிய வேண்டும், அப்போது இறக்கிவிடுங்கள். கொதிக்க வேண்டியதில்லை, 65 டிகிரியிலேயே வேலை முடிந்துவிடும். ஆவியாகிப் போனது போக 112 கிராம் போலக் கூழ் இருக்கும். கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறட்டும். சுடச்சுட ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும், பிறகு என்ன செய்தாலும் உப்பாது.

மீதி 280 கிராம் மைதா, 120 கிராம் பால், 25 கிராம் சர்க்கரை, 5 கிராம் உப்பு, 4 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், இந்தக் கூழ் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கி மூடி இருபது நிமிஷம் சும்மா விடுங்கள். வெண்ணெய் 25 கிராம் தனியே இருக்கட்டும், முதலிலேயே போட்டால் மாவைப் பூசிக்கொண்டு வலை பின்னுவதைத் தாமதமாக்கும். அந்த இருபது நிமிஷத்தில் மாவு தானே தண்ணீரைக் குடித்து, பிசைகிற வேலையில் பாதியை முடித்துவிடும்.

பிறகு வருவதுதான் சோதனை. மாவு ஒட்டும். நன்றாகவே ஒட்டும். சப்பாத்திக்கு அமுக்குவது மாதிரி அமுக்கினால் இரண்டு கையும் மாட்டிக்கொள்ளும். மேடையில் மைதா தூவாமல், மாவை இரண்டு கையாலும் தூக்கி, முன்பக்கத்தை மேடையில் அறைந்து, இழுத்து, மேலே மடியுங்கள். தூக்கு, அறை, மடி. மேடையில் ஒட்டியதை வழிக்க தோசைத் திருப்பி போதும். ஐந்து நிமிஷம் வரைக்கும் இது உருப்படாது என்றுதான் தோன்றும். அந்த ஐந்தாவது நிமிஷத்தில்தான் என் கை இரண்டு ஞாயிறும் மைதா டப்பாவை நோக்கிப் போனது. தங்கமணியிடம் டப்பாவைக் கொடுத்து அடுத்த அறையில் வைக்கச் சொல்லிவிட்டேன். எட்டு நிமிஷம் போல ஆனதும் மாவு மேடையை விட்டு எழும்ப ஆரம்பித்தது. ஒட்டுகிற பொருள் இழுபடுகிற பொருளாக மாறுவதைக் கையிலேயே உணரலாம்.

அப்போது வெண்ணெயை மூன்று தடவையாகச் சேருங்கள். சேர்த்ததும் மாவு வழுக்கித் துண்டு துண்டாகிப் பயமுறுத்தும். நான்கைந்து நிமிஷம் விடாமல் பிசைந்தால் மறுபடி ஒன்றுகூடும். முடிந்ததா என்று தெரிந்துகொள்ள எலுமிச்சை அளவு கிள்ளி, நான்கு பக்கமும் மெதுவாக இழுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கிழியாமல், பின்னால் இருக்கும் விரலின் நிழல் தெரிகிற அளவு மெல்லிசாக வந்தால் சரி. அதற்கு முன்பே பொத்தலாகிக் கிழிந்தால் இன்னும் மூன்று நிமிஷம். நம் ஊர் மைதாவில் புரதம் அவ்வளவு அதிகம் இல்லை, நூற்றுக்குப் பத்தை ஒட்டித்தான். அதனால் இந்தப் பிசைதலைக் குறுக்க முடியாது, பால் பவுடர் போட்டு ஈடுகட்டவும் முடியாது.

கோதுமை மாவில் செய்யலாமா என்று தங்கை போனில் கேட்டாள். மைதாவில் கால் பங்கை மாற்றலாம், தண்ணீர் ஒரு ஸ்பூன் கூட வேண்டும். முழுக்க மாற்றினால் தவிடு வலையை அறுத்துவிடும். அது வேறு பண்டம், அப்பாவுக்குக் கொடுக்க மாட்டேன்.

இரண்டாவது ஞாயிறு கதையையும் சொல்லிவிட வேண்டும். அது மே மாதம். மாவை மூடி வைத்துவிட்டு மாடுங்கா வரைக்கும் காய்கறி வாங்கப் போனேன். வீடியோவில் ஒன்றரை மணி நேரம் என்றார்கள், அது ஏதோ குளிர் ஊர்க் கணக்கு. இங்கே வீட்டுக்குள்ளேயே முப்பத்துமூன்று டிகிரி. திரும்பி வந்தபோது மாவு பாத்திரத்தை விட்டு வழிந்து, நடுவில் பள்ளம் விழுந்து, புளித்த வாடையோடு கிடந்தது. அப்படியே சுட்டேன், மேலே சுருக்கம் விழுந்து தட்டையாக வந்தது, ஈஸ்ட் நெடி வேறு. கூட ஈஸ்ட் போட்டால் கூட மெத்தென்று வரும் என்று நினைப்பவர்களுக்கும் இதே கதிதான். சென்னை, மும்பை, ஹைதராபாத் வெயிலில் கடிகாரத்தை நம்பாதீர்கள். இரட்டிப்பானதும் எடுங்கள். எங்கள் வீட்டில் மே மாதம் நாற்பத்தைந்து நிமிஷம், டிசம்பரில் ஒன்றேகால் மணி. டெல்லி ஜனவரியில் இருப்பவர்கள் அணைத்த ஓடிஜிக்குள் ஒரு சொம்பு வெந்நீரோடு வைத்தால் நல்லது.

உப்பிய மாவைக் காற்று போக அழுத்தித் தராசில் வையுங்கள். இங்கே வரவும் செலவும் டேலி ஆக வேண்டும்! கூழ் 112, மைதா 280, பால் 120, சர்க்கரை 25, உப்பு 5, ஈஸ்ட் 4, வெண்ணெய் 25, ஆக மொத்தம் 571. கையிலும் மேடையிலும் ஒட்டியது போக 560 சொச்சம் நிற்கும். ஒன்பதால் வகுத்தால் 62 கிராம். ஒவ்வொன்றையும் நிறுத்துத்தான் வைக்கிறேன். கண் அளவில் பிரித்த அன்று ஒன்று எழுபது, ஒன்று ஐம்பது என்று போய், சின்னது காய்ந்து பெரியது நடுவில் வேகாமல் நின்றது. ஒரே சீராக இருப்பது அழகுக்கு மட்டுமில்லை, ஒரே நேரத்தில் வேகவும்தான்.

உருட்டுவதற்கும் மேடையில் மைதா வேண்டாம். ஓரங்களை அடிப்பக்கம் மடித்துக் கொண்டுவந்து, மடிப்பு கீழே இருக்கும்படி வைத்து, உள்ளங்கையைக் கிண்ணம் மாதிரிக் கவிழ்த்துச் சின்ன வட்டமாகச் சுற்றுங்கள். அடிப்பக்கம் மேடையில் லேசாகப் பிடித்துக்கொள்வதால்தான் மேல்தோல் இழுபட்டு வழவழப்பாகும். மைதா தூவினால் உருண்டை வழுக்கிக்கொண்டு சுற்றுமே தவிர தோல் இறுகாது. தோல் இறுகாத உருண்டை உயராமல் பக்கவாட்டில் பரவும். பிறகு மேலே என்ன பூசினாலும் மினுமினுப்பு வராது, சொரசொரப்பான சுவருக்கு பெயிண்ட் அடித்த மாதிரி இருக்கும்.

தட்டில் வெண்ணெய் தடவி மூன்றுக்கு மூன்றாக அடுக்குங்கள். உருண்டைகளுக்கு இடையே ஒரு விரற்கடை இடம் போதும். உப்பும்போது ஒன்றையொன்று தொட்டு, பக்கவாட்டில் இடமில்லாமல் மேலே எழும்பும். தொட்டுக்கொண்டிருக்கிற பக்கங்களில் அனல் நேராகப் படாததால் தோல் கட்டாது. அந்த வெள்ளைப் பக்கத்தைப் பிய்க்கும்போதுதான் பஞ்சு தெரியும். எங்கள் முனைக்கடைப் பெரியவரின் லாதி ரகசியம் முழுதும் இந்த நெருக்கடியில்தான். பெரிய தட்டில் தள்ளித் தள்ளி வைத்தால் ஒவ்வொன்றும் சுற்றிலும் தோல் கட்டிய தனி பன் ஆகிவிடும், அதை மெல்ல நல்ல பல் வேண்டும்.

மறுபடி முப்பத்தைந்து, நாற்பது நிமிஷம். விரலில் எண்ணெய் தொட்டு ஓரமாக லேசாக அமுக்கிப் பாருங்கள். பள்ளம் உடனே திரும்பினால் இன்னும் நேரம் இருக்கிறது, இப்போதே சுட்டால் பக்கம் வெடிக்கும். மெதுவாகப் பாதி திரும்பினால் இதுதான் முகூர்த்தம். திரும்பவே இல்லை என்றால் தாண்டிவிட்டது, பேசாமல் உடனே உள்ளே வையுங்கள், கொஞ்சம் தட்டையாக வரும்.

மேலே பூச எங்கள் வீட்டில் முட்டை இல்லை. ஒரு ஸ்பூன் பாலில் ஒரு ஸ்பூன் பாலாடையைக் கட்டியில்லாமல் அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் இறகு மாதிரி தடவுகிறேன். அழுத்தினால் காற்று இறங்கிவிடும். முட்டை சாப்பிடுகிறவர்கள் முட்டையைப் பாலில் அடித்துத் தடவினால் கண்ணாடி மாதிரி பளபளக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன், பாலாடை தருவது அடக்கமான மினுமினுப்பு. ஓடிஜியைப் பதினைந்து நிமிஷம் முன்பே இரண்டு கம்பியும் போட்டு 180 டிகிரிக்குக் காய வைத்து, நடுத் தட்டில் இருபது நிமிஷம். பன்னிரண்டாவது நிமிஷம் தட்டைத் திருப்பி வையுங்கள், இந்தப் பெட்டிகளில் ஒரு மூலை எப்போதும் அதிகம் காயும். வெளியே எடுத்ததும் சூட்டோடு வெண்ணெய் தடவி, ஐந்து நிமிஷத்தில் தட்டை விட்டுக் கம்பி வலைக்கு மாற்றி மெல்லிய துணி போட்டு மூடுங்கள். தட்டிலேயே விட்டால் ஆவி அடியில் தங்கிச் சொதசொதவென்று ஆகிவிடும். துணி மூடாவிட்டால் மேல்தோல் காய்ந்து நொறுங்கும்.

ஆறியதும் டப்பாவில் போட்டு வெளியே வையுங்கள், குளிர்பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். தங்கமணியோடு எனக்கு நடந்த ஒரே சண்டை இதில்தான். குளிர்பெட்டியின் குளிரில் மாவுச்சத்து மறுபடி இறுகுவது வேகமாகும். வெளியே இரண்டு நாள் மெத்தென்று இருப்பது அங்கே ஒரே ராத்திரியில் ரப்பராகும். அதிகமாக இருந்தால் உறைய வைக்கிற பெட்டியில் போடுங்கள், அங்கே எல்லாம் நின்றுவிடும். எடுத்து இட்லிப் பானையில் இரண்டு நிமிஷம் ஆவி காட்டினால் போதும். இதை நிரூபிக்க ஒரே ஈட்டில் இரண்டு பாவை உள்ளேயும் இரண்டை வெளியேயும் வைத்து மறுநாள் அவள் கையிலேயே கொடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த வாரம் டப்பா வெளியே இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. முனைக்கடைப் பாவின் அடியில் ஒரு கருகல் வாசனை வரும், விறகு அடுப்பின் கல் சூட்டில் வருவது. ஓடிஜியில் அது வராது, எதைச் செய்தும் வராது.

நான்காவது ஞாயிறு முடிந்த திங்கள் காலை, ஆறு மணிக்கு ஒன்றை அப்பாவிடம் கொடுத்தேன். பிய்த்தார். நூல் நூலாக வந்தது. காபியில் தோய்த்து வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஏண்டா, கடை திறந்துட்டானா?" என்றார். நான் செய்தது என்றதும் நம்பாமல் சமையலறைக்குப் போய்த் தட்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

வருகிற வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறார். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ரயில். ஆறு பாவ் கட்டித் தரச் சொல்லியிருக்கிறார். வியாழன் ராத்திரி சுட்டால் சனிக்கிழமை காலை காபிக்கு இரண்டாவது நாள், தாங்கும். மாவு பிசைவதைத் தானும் ஒரு தடவை பார்க்க வேண்டுமாம், தராசை எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளலாமா என்று தங்கமணியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.